புகாரில் வராத பெட்டி

காலையில் அழைப்பு மணி அடித்தால் அந்தக் குடியிருப்புகளில் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. உள்ளேயிருந்தே ஒரு குரல் வரும்: "ரத்தக்காரர் வந்துட்டார், கதவத் திற." பால் போடுகிறவர் பால்காரர், செய்தித்தாள் போடுகிறவர் பேப்பர்காரர் என்கிற கணக்கில் அவர் ரத்தக்காரர். கொடுப்பதற்கு அவரிடம் எதுவும் இல்லை, எடுத்துக்கொண்டுதான் போவார். ஆனாலும் பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது.

பரிசோதனைக் கூடம் ஒன்றுக்காக வீடு வீடாகப் போய் ரத்த மாதிரி எடுப்பது அவர் வேலை. அதற்கு முன்னால் செருப்புக் கடையில் விற்பனையாளராக இருந்தார். அடுத்தவர் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது போதும், இனி கையைப் பிடிக்கலாம் என்றுதான் படிக்கப் போனதாக அவரே சொல்லிச் சிரிப்பார். கை பழகிவிட்டது. ஒரே குத்தில் எடுத்துவிடுவார். அழுகிற குழந்தையிடம், "கொசு கடிச்சா ரசீது தருமா? நான் தருவேன்" என்பார். குழந்தை யோசிக்கிற நேரத்தில் வேலை முடிந்திருக்கும்.

ஒரே ஒருவரிடம்தான் அந்தக் கைக்குப் பெயர் கெட்டது. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருந்தார், எல்லோருக்கும் டீச்சரம்மா. அவருடைய நரம்பு ஊசியைப் பார்த்தாலே ஓடி ஒளிந்துகொள்ளும். மூன்று இடத்திலாவது குத்தாமல் அவரிடம் ஒரு குழாய் நிறைந்ததில்லை. "வகுப்புல பசங்க ஒளிஞ்ச மாதிரி ஒளியுது, தேடிப் பிடிங்க" என்று அவர்தான் இவருக்குத் தைரியம் சொல்வார்.

இந்த வேலைக்குச் சேரும்போது கூடம் வைத்த நிபந்தனை ஒன்றுதான்: சொந்த வண்டி வேண்டும். அதற்காக வாங்கியதுதான் அந்தக் கறுப்பு மோட்டார் பைக். பின்னிருக்கையின் மேல் ஓர் இரும்புச் சட்டத்தைப் பற்றவைத்து, அதில் கூடம் கொடுத்த வெள்ளைப் பனிக்கட்டிப் பெட்டியைப் பட்டையால் கட்டியிருந்தார். பெட்டிக்கு ஒரு சின்னப் பூட்டு. அதன் சாவியும் வண்டிச் சாவியும் ஒரே வளையத்தில்.

கோளாறு அந்த வளையத்தில்தான் இருந்தது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வண்டியை நிறுத்தி, கைப்பிடியைத் திருப்பிப் பூட்டி, சாவியை உருவி, அதே வளையத்திலிருக்கும் சின்னச் சாவியால் பெட்டியைத் திறப்பார். கையுறையை அங்கேயே மாட்டிக்கொள்வார். வாசலில் கையுறையோடு நின்றால்தான் வீட்டுக்காரர்களுக்கு நம்பிக்கை. கையுறை மாட்டிய கையைச் சட்டைப்பைக்குள் விடுவதில்லை என்பது அவர் தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம். அதனால் சாவி வளையம் பெட்டிப் பூட்டிலேயே தொங்கும். ஊசித் தட்டோடு மேலே ஓடுவார், குழாயோடு கீழே வருவார், பெட்டியில் வைப்பார், பூட்டுவார், கிளம்புவார். வண்டியை அவர் பூட்டாமல் விட்டதே இல்லை. சாவியைத்தான் வண்டியின் முதுகிலேயே தொங்கவிட்டுப் போய்க்கொண்டிருந்தார், இத்தனை வருடமாக.

அன்று கடைசி வீடு, மூன்றாம் மாடி. காய்ச்சலில் கிடந்த ஒரு பையனுக்கு எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். வண்டி நின்ற இடத்தில் ஓர் எண்ணெய்த் துளி மட்டும் இருந்தது.

வண்டி தொலைந்த எல்லோரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். வேறெங்கோ நிறுத்திவிட்டோமோ என்று பக்கத்துச் சந்தில் பார்த்தார். யாராவது விளையாட்டுக்கு நகர்த்தியிருப்பார்கள் என்று அடுத்த வாசலில் பார்த்தார். எதிர்க்கடையில் கேட்டார். கடைக்காரர் ஷட்டரை அப்போதுதான் தூக்கியிருந்தார், ஒன்றும் தெரியவில்லை. பையனின் ரத்தக் குழாய் உள்ளங்கையில் இன்னும் இளஞ்சூடாக இருந்தது. அதைக் கீழே வைக்க இடமில்லாமல் பிடித்துக்கொண்டே நின்றார்.

முதலில் காவல் நிலையத்துக்குப் போயிருக்க வேண்டும். அவர் முதலில் பரிசோதனைக் கூடத்தின் மேனேஜருக்குப் போன் செய்தார்.

வண்டி போய்விட்டது என்றதும் மேனேஜர் உச்சுக்கொட்டினார். பெட்டியும் அதோடு போய்விட்டது என்றதும் அறைக் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு, உள்ளே எத்தனை பேருடையது என்று கேட்டார். எட்டுப் பேர், டீச்சரம்மா உட்பட. மேனேஜர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இங்க பாருங்க. வண்டி உங்களது, புகார் கொடுங்க, நான் குறுக்க நிக்கல. ஆனா பெட்டியப் பத்தி ஒரு வரி வந்துச்சுன்னா நாளைக்கே சுகாதாரத் துறை இங்க வந்து உக்காந்திரும். கூடத்துக்கு லைசென்ஸ் போச்சுன்னா உங்களுக்கும் வேலை இல்ல, எனக்கும் இல்ல. வண்டி மட்டும். புரியுதா?"

பையனின் குழாயை வாங்கிவர ஆள் அனுப்புவதாகவும், மற்ற எட்டுப் பேரிடமும் மறுபடி ரத்தம் எடுத்துவிட வேண்டும், கேட்டால் உறைந்துபோய்விட்டது என்று சொல்லிவிட வேண்டும் என்றும் சொன்னார். ரத்தம் உறைவது யார் குற்றமும் இல்லையாம்.

காவல் நிலையத்தில் புகார்களைப் பார்க்கிறவரை எல்லோரும் ரைட்டர் என்றார்கள். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றி வைத்துக்கொண்டு, கண்ணாடி எங்கே என்று மேசையில் தேடுகிற ஆள். கடுகடுப்பாகத் தெரிந்தாலும் வாய் கெட்டவர் இல்லை. வெள்ளைத் தாள் ஒன்றைக் கொடுத்து, கைப்பட எழுதச் சொன்னார். ரத்தக்காரர் பெஞ்சில் உட்கார்ந்து, தான் காலையில் எழுந்ததிலிருந்து ஆரம்பித்து ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தார். ரைட்டர் இரண்டு வரி படித்தார்.

"பல் தேய்ச்சதெல்லாம் எனக்கு எதுக்குங்க? எப்போ, எங்க, என்ன வண்டி, எப்படிப் போச்சு, கூட என்ன இணைச்சிருக்கீங்க. அவ்வளவுதான். வேற தாள் எடுங்க."

அதற்குள், போனில் செய்தி கேட்டு அவர் மனைவி வந்துவிட்டாள். வீட்டிலிருந்த பிளாஸ்டிக் உறையை அப்படியே தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். பதிவுச் சான்று, காப்பீட்டுப் பத்திரம், ஓட்டுநர் உரிமம், வண்டி வாங்கிய ரசீது, குழந்தைகளின் தடுப்பூசி அட்டை உட்பட எல்லாம் அதில் இருந்தன. எதிலே எது இருக்கிறதென்று தெரியாது, அதனால் எல்லாவற்றையும் எடுத்து வந்தேன் என்றாள். பக்கத்திலிருந்த கடையில் நகல் எடுத்து வந்து, எஞ்சின் எண்ணையும் சேசிஸ் என்கிற அடிச்சட்ட எண்ணையும் அவள் வாசிக்க வாசிக்க அவர் எழுதினார். ஓர் எழுத்து தவறினாலும் வேறு யாருடைய வண்டியோ ஆகிவிடும் என்று ரைட்டர் எச்சரித்ததால் இரண்டு முறை சரிபார்த்தார்கள்.

அடையாளம் என்ற இடத்துக்கு வந்தபோது பேனா நின்றது. அந்த வண்டிக்கு இருந்த, சொல்லும்படியான ஒரே அடையாளம் பின்னால் பற்றவைத்த இரும்புச் சட்டம்தான். அதை எழுதினால் எதற்குச் சட்டம் என்று கேட்பார்கள். பெட்டி என்று சொல்ல வேண்டும். என்ன பெட்டி? அவர் மனைவியைப் பார்த்தார். மேனேஜர் சொன்னதை அவளிடம் வாசலிலேயே சொல்லியிருந்தார். அவள் தடுப்பூசி அட்டையை உறைக்குள் திருப்பி வைப்பதில் மும்முரமாக இருந்தாள்.

இடப்பக்கக் கண்ணாடியில் கீறல் என்று எழுதினார்.

ரைட்டர் அடுத்ததாகச் சாவியைப் பற்றிக் கேட்டார். ரத்தக்காரர் வெறும் சட்டைப்பையைத் தடவிக்கொண்டு நின்றதிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. எத்தனையோ பேர் அந்த மேசைக்கு முன்னால் அப்படி நின்றிருப்பார்கள். பின்னால் நின்ற வரிசைக்குக் கேட்காதபடி சொன்னார்:

"பொய் எழுதுங்கன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா சாவி வண்டியிலயே இருந்துச்சுன்னு ஒரு வரி இருந்தா, இன்சூரன்ஸ்காரன் அந்த வரிய மட்டும்தான் படிப்பான். கவனக்குறைவுன்னு தள்ளிருவான். வண்டியப் பூட்டுனீங்களா, இல்லையா?"

"பூட்டுனேன் சார்."

"அப்ப பூட்டுனதை எழுதுங்க."

கடைசியில் புகார் இப்படி அமைந்தது: 'என் பெயரில் பதிவான, கீழ்க்கண்ட எண்கள் கொண்ட, இடப்பக்கக் கண்ணாடியில் கீறலுள்ள கறுப்பு நிற மோட்டார் பைக்கை இன்று காலை எட்டே கால் மணியளவில் கீழ்க்கண்ட முகவரியில் உள்ள கட்டடத்தின் முன்பு கைப்பிடியைப் பூட்டி நிறுத்திவிட்டு, சொந்த வேலையாக மூன்றாம் மாடிக்குச் சென்றேன். எட்டரை மணியளவில் திரும்பி வந்து பார்த்தபோது வண்டியைக் காணவில்லை. அக்கம் பக்கத்தில் தேடியும் விசாரித்தும் கிடைக்கவில்லை. அடையாளம் தெரியாத யாரோ திருடிச் சென்றிருக்கலாம். வண்டியைக் கண்டுபிடித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். இணைப்பு: பதிவுச் சான்று நகல், காப்பீட்டுப் பத்திரம் நகல், ஓட்டுநர் உரிமம் நகல், அடையாள அட்டை நகல்.'

கையெழுத்துப் போட்டார். 'சொந்த வேலையாக' என்ற இடத்தில் மட்டும் மை கொஞ்சம் ஊறியிருந்தது. ரைட்டர் அதை வாங்கி, எண்ணையும் நிறத்தையும் ரோந்து வண்டிகளுக்கு ஒலிபரப்பச் சொன்னார். கறுப்பு வண்டி, இடப்பக்கக் கண்ணாடியில் கீறல். தலைக்கு மேல் சுவரிலிருந்த வயர்லெஸ் கருவி அதைக் கரகரவென்று திருப்பிச் சொன்னபோது, அது தன் வண்டி மாதிரியே இல்லை என்று ரத்தக்காரருக்குத் தோன்றியது. வழக்கு பதிவாகி நகலும் கையில் வந்தது. வண்டி கிடைக்காவிட்டால், தேடியும் கிடைக்கவில்லை என்று காவல் நிலையம் ஒரு சான்று தரும், அதற்குப் பிறகுதான் காப்பீட்டுப் பணம் என்றும் ரைட்டர் விளக்கினார். மாதக்கணக்காகுமாம்.

மறுநாளிலிருந்து அவர் பஸ்ஸில் போய் ரத்தம் எடுத்தார். இரண்டு பஸ் மாறி, தோள்பையில் சின்னப் பனிக்கட்டிப் பையோடு. வெறும் வயிற்றோடு காத்திருந்தவர்கள் வாசலிலேயே கடிகாரத்தைக் காட்டினார்கள். எட்டுப் பேரிடம் ரத்தம் உறைந்துபோன கதையைச் சொன்னார். ஏழு பேர் முணுமுணுத்துக்கொண்டே கையை நீட்டினார்கள். டீச்சரம்மாவின் இடது கையில் முன்தினம் தேடிய இடமெல்லாம் நீலம் பாய்ந்திருந்தது. அவர் வலது கையின் மேலிருந்த புடவைத் தலைப்பை ஒதுக்கினார்.

"உங்க கையில எடுத்து உறைஞ்சதே இல்லையேப்பா" என்று மட்டும் சொன்னார். நான்கு முறை குத்த வேண்டியிருந்தது.

காப்பீட்டு நிறுவனத்திலிருந்து பேசிய பெண் மிகவும் மரியாதையாகப் பேசினாள். வழக்கின் நகலோடு வண்டியின் இரண்டு சாவிகளையும் ஒப்படைக்க வேண்டும் என்றாள். இரண்டும் என்றால் இரண்டுமா என்று அவர் கேட்டார். வீட்டில் இருந்தது ஒன்றுதான். இரண்டும்தான் ஐயா, என்றாள் அவள், அதே மரியாதையோடு.

இரண்டு நாள் கழித்து மனைவி போனை நீட்டினாள். குடியிருப்புவாசிகளின் குழுவில் யாரோ ஒரு படம் போட்டிருந்தார்கள். புறவழிச் சாலையில் ஒரு டயர் கடைக்கு எதிரில், சாக்கடை ஓரம், வெள்ளைப் பெட்டி ஒன்று திறந்து கிடந்தது. சுற்றிலும் சிவப்பு மூடிக் குழாய்கள். 'மனித ரத்தத்தை நடுரோட்டில் கொட்டிய மகாபாவிகள் யார்?' என்று கீழே எழுதியிருந்தது. அதற்குக் கீழே கோபமான முகங்கள் வரிசையாக நின்றன. பெட்டியின் பூட்டில் சாவி வளையம் தொங்கியது. வண்டிச் சாவியை மட்டும் எவனோ கழற்றியிருந்தான். துப்புரவுப் பணியாளர்கள் மருத்துவக் கழிவு என்று அள்ளிப் போய்விட்டதாகவும், சுகாதாரத் துறை எந்தக் கூடத்தின் வேலை என்று விசாரிப்பதாகவும் இன்னொருவர் தகவல் போட்டிருந்தார்.

"இந்த இடத்துக்குத்தானே வண்டி போயிருக்கு. ஸ்டேஷன்ல போய்ச் சொல்லிருங்க" என்றாள் மனைவி.

அவர் மேனேஜருக்குப் போன் செய்தார். திருந்தாத ஜென்மம் என்று இதைத்தான் சொல்வார்கள். அவளே அப்படிச் சொன்னாள். மேனேஜர் படத்தை ஏற்கெனவே பார்த்திருந்தார். அது நம் பெட்டி இல்லை என்றார். வெள்ளைப் பெட்டி ஊரெல்லாம் இருக்கிறது என்றார். சுகாதாரத் துறையிலிருந்து கேட்டார்கள், நம்முடையது இல்லை என்று எழுதிக் கொடுத்தாகிவிட்டது, இனிமேல் அது நம்முடையதாக ஆக முடியாது என்றார்.

அதன் பிறகு ரத்தக்காரர் தினமும் ரைட்டருக்குப் போன் செய்ய ஆரம்பித்தார். வண்டி ஏதாவது தெரிந்ததா என்று கேட்பார். பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பார் அவர். ஒருநாள் சலிப்போடு, "உங்க வண்டி மாதிரி தெருவுக்கு நாலு ஓடுதுங்க. வேற அடையாளம் ஏதாவது இருந்தா சொல்லுங்க" என்றார். ரத்தக்காரர் போனை மறு காதுக்கு மாற்றினார். யோசித்துச் சொல்கிறேன் சார் என்று வைத்துவிட்டார். வண்டி கிடைக்க வேண்டுமென்றால் பெட்டியைச் சொல்ல வேண்டும். பெட்டியைச் சொன்னால் வேலை போகும், சாவி எங்கே இருந்தது என்பதும் வரும், காப்பீடும் போகும். சொல்லாவிட்டால் வண்டி போகும். பஸ்ஸில் எத்தனை நாள் ஓட்ட முடியும்? கூடத்திலேயே, வண்டி உள்ள ஆள் ஒருவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவராக இருந்தது.

வண்டி போய் ஒரு வாரம் ஆன அன்று காலை டீச்சரம்மா வீட்டுக்குப் போனபோது அவர் கையை நீட்டவில்லை. போனை நீட்டினார். அதே படம், விரலால் பெரிதாக்கியது. ஒரு குழாயின் ஒட்டுத்தாளில் அவர் பெயரும் வயதும் தெளிவாகத் தெரிந்தன. எழுத்து ரத்தக்காரருடையது.

டீச்சரம்மா கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கேட்டது ஒன்றுதான்.

"உறைஞ்சு போச்சுன்னு சொன்னீங்களே?"

ரத்தக்காரர் தரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னார். வண்டி, பெட்டி, சாவி, மேனேஜர், புகார். முடிந்ததும் டீச்சரம்மா, போலீசில் இதில் எவ்வளவு சொல்லியிருக்கிறீர்கள் என்று கேட்டார். கண்ணாடிக் கீறல் என்றார் இவர். டீச்சரம்மா சிரித்துவிட்டார், பிறகு சிரித்ததற்காக வருத்தப்பட்டார். அன்று ரத்தக்காரர் அவரிடம் ரத்தம் எடுக்காமலே இறங்கி, நேராகக் காவல் நிலையத்துக்குப் போனார்.

ரைட்டர் கேட்டுக்கொண்டே இருந்தார். நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"டயர் கடையில கேமரா இருக்குங்க. ரோட்டப் பாத்த மாதிரி. அன்னிக்கே பெட்டின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, படம் வந்த அன்னிக்கே நான் அங்க ஆள் அனுப்பியிருப்பேன்."

அவர் திட்டவில்லை. இதைக் கூடுதல் வாக்குமூலமாக எழுதித் தர வேண்டும், முதல் புகாரை மாற்ற முடியாது, இது அதோடு சேர்ந்துகொள்ளும் என்றார். எழுதினால் பெட்டியும் வரும், சாவியும் வரும், கூடத்தின் பெயரும் வரும், நகல் கேட்கிறவர்களுக்கெல்லாம் போகும், வீட்டில் பேசிவிட்டு நாளைக்குக்கூட வரலாம் என்றார். ரத்தக்காரர் தாள் கேட்டார். இந்த முறை அடித்தல் திருத்தல் இல்லாமல் வந்தது. இரும்புச் சட்டத்தின் நீளம் அகலம்கூட எழுதினார்.

ஒரு காவலரோடு டயர் கடைக்குப் போனார். கடைக்காரர் நல்ல மனிதர், இருவருக்கும் நாற்காலி போட்டார். பழைய டயர் அடுக்குக்கு நடுவே ஒரு சின்னத் திரை. கருவியில் ஒரு வாரத்துக்குத்தான் பதிவு நிற்கும், புதியது வர வரப் பழையது தானாக அழிந்துகொண்டே போகும் என்று சொல்லிக்கொண்டே பின்னோக்கி ஓட்டினார். இரவும் பகலும் திரையில் மாறி மாறி வந்தன. லாரிகள் பின்பக்கமாக ஓடின. ஓரிடத்தில் படம் நின்றது. அதற்கு முன்னால் எதுவும் இல்லை.

வண்டி போன அதே நாள்தான். மேலே நேரம் காட்டியது: காலை பத்தைத் தாண்டியிருந்தது. வெயில் அடித்தது. சாக்கடை ஓரத்தில் வெள்ளைப் பெட்டி ஏற்கெனவே கிடந்தது.

"இன்னும் கொஞ்சம் பின்னால போகாதா?" என்று ரத்தக்காரர் கேட்டார்.

"இவ்வளவுதான் சார் இருக்கு" என்றார் கடைக்காரர். "ரெண்டு மணி நேரம் முன்னால வந்திருந்தீங்கன்னா இதுக்கு முன்னால உள்ளதும் இருந்திருக்கும்."

காவலர் நோட்டைத் திறந்து, திரையில் தெரிவது உங்கள் பெட்டிதானா, நிச்சயமாகத் தெரியுமா என்று கேட்டார். திரையில் ஒரு நாய் வந்து பெட்டியை மோந்து பார்த்துவிட்டுப் போனது. ஒரு பஸ் போனது. அதன் பின்னால் கறுப்பு வண்டிகள் வந்தன, ஒன்று, இன்னொன்று, ஒவ்வொன்றையும் அவர் பின்பக்கம் சட்டம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். தன் வண்டி அந்த இடத்தைக் கடந்து போய் எத்தனை நேரம் ஆகியிருக்கும் என்பது அவருக்குத் தெரியாததல்ல.

"என் பெட்டிதான் சார்" என்றார். "எழுதிக்கோங்க."

காவலர் எழுதிக்கொண்டு எழுந்தார். சட்டைப்பைக்குள் போன் அதிர்ந்தது, மேனேஜர். ரத்தக்காரர் அதை எடுக்கவும் இல்லை, நிறுத்தவும் இல்லை. இன்னும் ஐந்து நிமிடம் ஓடவிட முடியுமா என்று கடைக்காரரிடம் கேட்டார்.